மூட்டைக்கும் கல்லாவுக்கும் நடுவே

50 கிலோ மைதா மூட்டை ஒன்றைப் பிரித்துப் பிசைந்து, துண்டு போட்டு, டின்னில் வைத்துச் சுட்டெடுத்தால் ஏறக்குறைய 75 கிலோ பிரெட் கிடைக்கிறது. சர்க்கரை, வனஸ்பதி, ஈஸ்ட், உப்பு எல்லாம் சேர்த்தாலும் வாங்கிப் போட்ட சரக்கு 58 கிலோதான். மாவு வழிக்கையில் கொஞ்சம் போகிறது, கருகியது கொஞ்சம், விற்காமல் திரும்பி வந்தது கொஞ்சம். அத்தனை சேதாரத்துக்குப் பிறகும் போட்டதைவிட எடுத்தது கூடுதலாகவே இருக்கிறது. அப்படியிருக்க, மாதக் கடைசியில் பேக்கரிக்காரர் மட்டும் ஏன் “மாவு எங்கே போகிறதென்றே தெரியவில்லை” என்று புலம்புகிறார்?

கூடுதலாகத் தெரிகிற எடை முழுக்கத் தண்ணீர். மாவு பிசையும்போது குழாயிலிருந்து உள்ளே போகிறது, அதற்குப் பில் கிடையாது. அதில் ஒரு பகுதி அடுப்பிலிருந்து ஆவியாக வெளியேறுகிறது, அதையும் எந்த நோட்டும் பதிவு செய்வதில்லை. உள்ளே வந்ததும் வெளியே போனதும் கணக்கில் ஏறாத ஒரு பொருள், மற்றெல்லாப் பொருளின் இழப்பையும் தன் எடையால் மூடி மறைத்துவிடுகிறது. ஆகவே பேக்கரியில் சேதாரம் பார்க்கிறவர் பிரெட்டின் எடையைப் பார்த்துப் பயனில்லை. அந்த பிரெட்டுக்குள் எத்தனை கிராம் மைதா போயிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

இதற்கு உலகெங்கும் பேக்கரிக்காரர்கள் வைத்திருக்கும் வழி எளிமையானது. செய்முறையில் மாவை எப்போதும் 100 என்று வைத்துக்கொண்டு, மற்றவற்றை அந்த நூற்றுக்கு எவ்வளவு என்று சொல்வார்கள். மாவடிச் சதவீதம் என்று இதைச் சொல்லலாம். பள்ளிக்கூடச் சதவீதத்தில் எல்லாம் கூடி 100 வரும். இதில் மாவு மட்டுமே 100, ஆகவே கூட்டுத்தொகை 100-ஐத் தாண்டிப் போகும்.

ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக நான் அமைத்துக்கொண்ட கடைதான், ஆனால் எந்தச் சிற்றூர்ப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலும் இருக்கக்கூடியது. பிரெட்டும் பன்னும் மட்டும் சொந்தமாகப் போடுகிறார்கள், இரண்டுக்கும் ஒரே மாவு. கேக்கும் பிஸ்கட்டும் வெளியே வாங்கி விற்கிறார்கள். மைதா 100, தண்ணீர் 58, சர்க்கரை 8, வனஸ்பதி 4, ஈஸ்ட் 2.5, உப்பு 1.5 என்பது மாஸ்டரின் அளவு. கூட்டினால் 174. அதாவது 100 கிலோ மைதாவிலிருந்து 174 கிலோ பிசைந்த மாவு.

பிரெட்டுக்கு 460 கிராம் துண்டு போடுகிறார்கள். அது வெந்து ஆறியதும் 400 கிராம் ஆகும். பன்னுக்கு 60 கிராம் துண்டு. இப்போது ஒரு பிரெட்டுக்குள் இருக்கும் மைதாவைக் கண்டுபிடிக்க 460-ஐ 1.74 ஆல் வகுத்தால் போதும், 264.4 கிராம் வருகிறது. பன்னுக்கு 34.5 கிராம். அடுப்பில் எவ்வளவு நீர் போனது என்ற கேள்வியே இங்கே எழவில்லை என்பதைக் கவனியுங்கள். அடுப்புக்குப் போவதற்கு முன்பே, துண்டு போடும் மேஜையில் வைத்து அளந்துவிட்டோம். பிரெட் காய்ந்தாலும் ஈரமாக இருந்தாலும் அதற்குள் போன மைதா அதே 264.4 கிராம்தான்.

அடுத்தது பில். ஒரு மாதத்தில் 24 மூட்டை மைதா வாங்கியிருக்கிறார்கள், 1200 கிலோ. ஆனால் வாங்கியது வேறு, செலவானது வேறு. மாதத் தொடக்கத்தில் கடையில் 170 கிலோ இருந்தது, மாத முடிவில் 210 கிலோ மிச்சம் இருக்கிறது. ஆரம்ப இருப்பைக் கூட்டி, இறுதி இருப்பைக் கழித்தால் செலவான மைதா 1160 கிலோ. இந்த இரண்டு இருப்பையும் எடுக்காமல் பில்லை மட்டும் கூட்டுவதுதான் நான் பார்த்தவரை அதிகமாக நடக்கும் தவறு. மாதத்தின் கடைசி நாளில் தள்ளுபடி கிடைக்கிறதென்று நாலு மூட்டை கூடுதலாக இறக்கினால், அந்த மாதம் கடையில் கொள்ளை போனதுபோல் கணக்கு காட்டும்.

அதே மாதத்தில் விற்ற பிரெட் 2600, பன் 11,000. பிரெட்டுக்குள் போன மைதா 687 கிலோ, பன்னுக்குள் போனது ஏறக்குறைய 380 கிலோ, சேர்த்து 1067 கிலோ. செலவானதோ 1160. நடுவே 93 கிலோவைக் காணோம். நூற்றுக்கு 8. விளைவு வீதம் 92 என்று சொன்னாலும் இதுதான்.

உள்ளே போனதும் வெளியே வந்ததும் சமமாக இருந்தாக வேண்டும், இல்லையென்றால் மீதி எங்கோ இருக்கிறது என்கிற இந்த முறைக்கு நிறைச் சமநிலை என்று பெயர். இது பேக்கரிக்கு மட்டும் உரியதல்ல. இத்தாலியின் பாதுவா நகரில் சான்டோரியோ என்ற மருத்துவர், பெரிய தராசு ஒன்றில் தொங்கும் நாற்காலியில் அமர்ந்து பல ஆண்டுகள் தன்னையே நிறுத்துக்கொண்டார். உண்டதையும் குடித்ததையும் கழித்ததையும் நிறுத்தார். கழிவு, உண்டதைவிடக் குறைவாகவே வந்தது, அதற்கேற்ப உடம்பும் கனக்கவில்லை. அந்த வித்தியாசத்தைக் கணக்குப் பிழை என்று அவர் ஒதுக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஏதோ வெளியேறுகிறது என்றார். 1614-இல் அதைப் புத்தகமாகவும் வெளியிட்டார். இன்று நமக்கு அது நீராவி என்றும் கரியமில வாயு என்றும் தெரியும். நம் கடையின் 93 கிலோவையும் இதே பொறுமையோடு அணுக வேண்டும்.

ஆனால் 93 என்ற எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. மேஜையில் தூவிய மாவும், கருகிய பன்னும், பையன் வீட்டுக்கு எடுத்துப்போன பிரெட்டும் அதற்குள் ஒரே குவியலாகக் கிடக்கின்றன. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வேறொரு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி அதே பில் கட்டுக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் இந்தக் கணக்கின் சுவாரசியம்.

வீட்டில் இட்லி மாவுக்கு நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் இரண்டுமே வழக்கத்தைவிடச் சீக்கிரம் தீர்ந்துபோனால், அரைத்த மாவு கூடுதலாகச் செலவாகியிருக்கிறது. விருந்தாள் வந்திருக்கலாம், மாவு புளித்துக் கொட்டியிருக்கலாம். உளுந்து அப்படியே இருக்க, அரிசி மட்டும் தீர்ந்திருந்தால்? மாவாக அரைப்பதற்கு முன்பே அரிசி வேறெங்கோ போயிருக்கிறது. டப்பாவில் கை விட்டவர் யாரென்று தெரியாவிட்டாலும், எந்தக் கட்டத்தில் போனது என்பது தெரிந்துவிடுகிறது.

பேக்கரியிலும் அப்படியே. மாவு பிசைந்து முடித்த கணத்திலிருந்து மைதா, சர்க்கரை, வனஸ்பதி மூன்றும் ஒன்றையொன்று பிரிய முடியாது. பன் கருகினால் மூன்றும் அதே விகிதத்தில் கருகும், பிரெட் திரும்பி வந்தால் மூன்றும் அதே விகிதத்தில் திரும்பும். ஆகவே பிசைந்த பிறகு நேர்ந்த இழப்பு எல்லாச் சரக்கிலும் ஒரே சதவீதமாகத் தெரியும். ஒரு சரக்கில் மட்டும் கூடுதலாகத் தெரிவது, பிசைவதற்கு முன்போ அல்லது தனியாகவோ போனது.

நம் கடையின் சர்க்கரையைப் பார்ப்போம். 1067 கிலோ மைதாவுக்கு நூற்றுக்கு 8 வீதம் 85.4 கிலோ சர்க்கரை போயிருக்க வேண்டும். பில்லும் இருப்பும் சொல்வது 90.8 கிலோ. வித்தியாசம் நூற்றுக்கு 6. வனஸ்பதி 42.7 கிலோ போயிருக்க வேண்டும், செலவானது 45.4. இதிலும் 6. மைதாவில் மட்டும் 8. இரண்டு வெவ்வேறு பொருள், வெவ்வேறு பில், வெவ்வேறு மொத்த வியாபாரி, ஆனால் ஒரே எண் வருகிறதென்றால் தற்செயல் என்று தள்ள முடியாது. பிசைந்த பிறகான இழப்பு 6 சதவீதம். அதைக் கொண்டு பின்னோக்கிப் போனால், 1067 கிலோ வெளியே வருவதற்குப் பிசையும் மெஷினில் போட்ட மைதா 1135 கிலோ. செலவான 1160-இல் மீதி 25 கிலோ, மெஷினுக்குள் போகாத மைதா.

ஆக 93 கிலோ, 25 என்றும் 68 என்றும் இரண்டாகப் பிரிந்துவிட்டது. யாரையும் விசாரிக்காமல், மூன்று பொருளின் பில்லை வைத்தே.

இந்த முறைக்கு எந்தச் சரக்கை எடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். உப்பு நல்ல சாட்சி போலத் தோன்றும், யாரும் திருடுவதில்லை. ஆனால் கிலோ விலை சொற்பம் என்பதால் யாரும் சரியாக நிறுத்துப் போடுவதுமில்லை. ஈஸ்ட் கெட்டுப்போகும், பழைய பாக்கெட் வேகம் குறைந்தால் மாஸ்டர் கூடப் போடுவார். கடையோடு டீ ஸ்டாலும் இருந்தால் சர்க்கரைச் சாட்சியம் செல்லாது, மூட்டை டீக்குப் போயிருக்கும். அப்படிப்பட்ட கடையில் வனஸ்பதியை நம்புவதே மேல். ஒன்றுக்கு இரண்டு சாட்சி வைத்துக்கொள்வது இதனால்தான். இரண்டும் ஒத்துப்போனால் நம்பலாம், ஒத்துப்போகாவிட்டால் அதுவே ஒரு செய்தி.

முதலில் அந்த 25 கிலோ. மாவு ஒட்டாமலிருக்க மேஜையில் தூவுவது இதில் பெரும்பங்கு. ஒரு நாளைக்கு முக்கால் கிலோ தூவினால் மாதத்துக்கு 22 கிலோவுக்கு மேல் ஆகிவிடும். தூவிய மாவில் ஒரு பகுதி துண்டோடு ஒட்டி பிரெட்டுக்குள்ளேயே போய்விடும், மீதி துடைத்துக் கொட்டப்படும். காலி மூட்டையை உதறாமல் மடித்து வைப்பதில் கொஞ்சம் போகும். மூட்டையே எடை குறைவாக வந்திருக்கலாம். வந்த அன்றே நிறுத்துப் பார்க்காவிட்டால் இதை ஒருபோதும் கண்டுபிடிக்க முடியாது.

வந்த அன்றே என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மைதாவுக்குள்ளேயே தண்ணீர் இருக்கிறது. 14 சதவீத ஈரத்தோடு வரும் 50 கிலோ மூட்டையில் 7 கிலோ தண்ணீர், 43 கிலோ உலர்ந்த பொருள். அது வெயில் காலத்தில், தகரக் கூரைக்குக் கீழே, அடுப்புக்குப் பக்கத்துச் சுவரோரம் கிடந்து 12 சதவீதத்துக்குக் காய்ந்தால் மூட்டையின் எடை 48.9 கிலோவாகிவிடும். யாரும் தொடாமலே ஒரு கிலோவுக்கு மேல் குறைந்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இது தலைகீழாக நடக்கும். கடைக்காரருக்கு இதில் நிஜமான நஷ்டம் இல்லை. காய்ந்த மாவு பிசையும்போது கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும், மாஸ்டரின் கை அதை உணர்ந்து ஊற்றிவிடும், போன எடை திரும்பி வந்துவிடும். ஆனால் கணக்குப் புத்தகத்தில் மட்டும், சர்க்கரையோடு ஒப்பிடும்போது மைதா கூடுதலாகத் தொலைந்ததுபோலத் தோன்றும். கோடையில் மட்டும் மைதாவின் இடைவெளி அகன்று, மழைக்காலத்தில் ஒடுங்கினால், ஆளைச் சந்தேகிப்பதற்கு முன் வானத்தைச் சந்தேகிக்கலாம்.

இனி அந்த 68 கிலோ. இங்கே பில் உதவாது, கடைக்குள் போக வேண்டும். நல்லவேளையாக, போக வேண்டிய இடங்கள் நான்கைந்துதான்.

முதல் இடம் துண்டு போடும் மேஜை. 460 கிராம் என்பது மாஸ்டரின் வாயில் இருக்கும் எண், கையில் இருக்கும் எண் வேறாக இருக்கலாம். தினமும் வெவ்வேறு நேரத்தில், முன்கூட்டிச் சொல்லாமல், இருபது துண்டுகளை எடுத்து நிறுத்து எழுதினால் ஒரு வாரத்தில் சராசரி தெரிந்துவிடும். நம் கடையில் பிரெட் துண்டு 467 கிராம், பன் துண்டு 61.2 கிராம் என்று வந்தது. 7 கிராம் என்பது ஒரு சிட்டிகை மாவு. ஆனால் மாதக் கணக்கில் பிரெட்டில் 10 கிலோவுக்கு மேல், பன்னில் ஏழரை கிலோ, மொத்தம் 18 கிலோ மைதா. இது குப்பைத்தொட்டிக்கும் போகவில்லை, யாரும் எடுத்துக்கொண்டும் போகவில்லை. வாடிக்கையாளரின் பைக்குள் இலவசமாகப் போயிருக்கிறது. அவருக்கும் தெரியாது.

இரண்டாவது, விற்காதது. லைன் வண்டியில் பெட்டிக்கடைகளுக்குப் போட்டுவிட்டு, திரும்பி வந்ததை நோட்டில் எழுதுகிறார்கள். அந்த மாதம் 62 பிரெட்டும் 310 பன்னும். மைதாவாக்கினால் 27 கிலோ. இந்தக் கடையில் பழைய பிரெட்டை ரஸ்க் போடுவதில்லை. போடுகிற கடையாக இருந்தால் கணக்கு மாறும். பிரெட்டில் நூற்றுக்கு 36 பங்கு ஈரம் இருக்கும், ரஸ்க்கில் 5 பங்கு. அதை வைத்துக் கணக்கிட்டால் 1 கிலோ ரஸ்க்குக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ பிரெட் வேண்டும், அதற்குள் இருக்கும் மைதா கிட்டத்தட்ட 1 கிலோ. விற்ற ரஸ்க் எத்தனை கிலோவோ அத்தனை கிலோ மைதாவை விற்பனைப் பக்கத்தில் சேர்த்துவிடலாம் என்பது வசதியான கணக்கு. சேர்க்க மறந்தால் நஷ்டம் பெரிதாகத் தெரியும். பிரெட்டாக அனுப்பியபோது ஒரு தடவையும் ரஸ்க்காக விற்றபோது ஒரு தடவையுமாகச் சேர்த்தால் நஷ்டமே இல்லாததுபோலத் தெரியும்.

கருகியதும் உருக்குலைந்ததுமாக 18 பிரெட், 90 பன் எழுதப்பட்டிருக்கின்றன. ஏறக்குறைய 8 கிலோ.

அடுத்தது ஈஸ்ட் தின்றது. மாவு உப்புவது எப்படி? ஈஸ்ட் சர்க்கரையை உடைத்துச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. உடைந்த சர்க்கரையின் எடையில் கிட்டத்தட்டப் பாதி வாயுவாகப் போய்விடும், சாராயம் பெரும்பாலும் அடுப்பில் ஆவியாகிவிடும். நல்ல பிரெட்டின் மணத்துக்கு நாம் கொடுக்கும் விலை இது, இதை நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. துண்டு போடுவதற்கு முன் மாவு ஊறும் நேரத்தில் போகும் வாயுவையும் ஈரத்தையும் சேர்த்து அரை சதவீதம் என்று வைத்தால், 6 கிலோ மைதாவுக்குச் சமமான எடை. எவ்வளவு நேரம் ஊறுகிறது, எவ்வளவு வெக்கை என்பதைப் பொறுத்து இது கூடும் குறையும். ஆகவே இந்த 6 மட்டும் அளந்த எண் அல்ல, மதிப்பீடு.

18, 27, 8, 6. கூட்டினால் 59. இன்னும் 9 கிலோ பாக்கி.

கடைக்காரரின் கண் சிவப்பது இங்கேதான். 9 கிலோ மைதா என்பது 260 பன். நாளொன்றுக்கு ஒன்பதுக்குச் சற்றுக் குறைவு. நாலு பேர் வேலை செய்யும் கடையில், விடியற்காலை நாலு மணிக்கு அடுப்பு மூட்டுகிறவர்கள் டீயோடு ஆளுக்கு இரண்டு பன் சாப்பிட்டால் எட்டு ஆகிவிடும். “பன்னுக்குப் பக்கத்திலேயே நின்னுக்கிட்டு பசியோடவா வேலை பார்ப்பாங்க, அண்ணாச்சி?” என்று மாஸ்டர் கேட்டால், அண்ணாச்சியிடம் பதில் இருக்காது. அதை நோட்டில் எழுதிவிட்டால் அது சம்பளத்தின் ஒரு பகுதி, எழுதாவிட்டால் காணாமல் போனது.

ஆனால் அந்த 9 கிலோவுக்கு இன்னொரு விளக்கமும் உண்டு, அதற்கும் காரணம் தண்ணீர்தான். நம் கணக்கு முழுக்க 174 என்ற கூட்டுத்தொகையின் மேல் நிற்கிறது. மாஸ்டர் மைதாவையும் சர்க்கரையையும் தராசில் வைக்கிறார், தண்ணீரை மட்டும் பிளாஸ்டிக் மக்கில் ஊற்றுகிறார். 58-க்குப் பதில் 56.5 ஊற்றினால் கூட்டுத்தொகை 172.5. துண்டு அதே 460 கிராம்தான், ஆனால் அதற்குள் தண்ணீர் குறைந்து மைதா கூடிவிட்டது. ஒரு பிரெட்டுக்கு 264.4 என்று நாம் நினைத்தது 266.7 ஆகிவிடும். மாதம் முழுவதற்கும் பார்த்தால் 9 கிலோ சொச்சம் மைதா. அதே 9 கிலோ.

இதில் விஷமம் என்னவென்றால், தண்ணீர் குறையும்போது மைதா, சர்க்கரை, வனஸ்பதி மூன்றும் ஒரே விகிதத்தில் கூடுதலாகச் செலவாகும். பிசைந்த பிறகு நேர்ந்த இழப்பு எப்படித் தெரியுமோ அப்படியே அச்சு அசலாகத் தெரியும். பில்களை எத்தனை தடவை புரட்டினாலும் எட்டு பன் தின்ற கடையையும் நூறு கிலோ மைதாவுக்கு ஒன்றரை லிட்டர் குறைவாக ஊற்றிய கடையையும் பிரித்தறிய முடியாது. சாட்சிகள் எல்லாரும் ஒரே பொய்யைச் சொல்வார்கள். இதைத் தீர்க்க ஒரே வழி, ஒரு வாரம் தண்ணீரையும் தராசில் நிறுத்து ஊற்றச் சொல்வது. ஒரு மூட்டைக்கு 29 கிலோ போக வேண்டியது 28.25 போகிறதா என்பது அப்போது தெரியும். முக்கால் லிட்டர் வித்தியாசம் மக்கில் தெரியாது, தராசில் தெரியும்.

இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்த பிறகு, இந்த எண்களை எவ்வளவு நம்பலாம் என்றும் கேட்டாக வேண்டும். இந்தக் கணக்கின் பலவீனமான இடம் இருப்பெடுப்பு. பாதி காலியான மூட்டையைக் கண்ணால் பார்த்து “இருபது கிலோ இருக்கும்” என்று எழுதுவது வழக்கம். அதில் 10 கிலோ தப்பினால் மாதக் கணக்கில், 1160 கிலோவுக்கு, ஒரு சதவீதத்துக்கும் குறைவான பிழைதான். அதையே வாரக் கணக்காகப் பார்த்தால் செலவு 270 கிலோ, பிழை கிட்டத்தட்ட 4 சதவீதம். ஒரு நாள் கணக்கில் அது கணக்கையே விழுங்கிவிடும். தினமும் சேதாரம் பார்க்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் ஒரு நாள் லாபமும் மறுநாள் கொள்ளையுமாகக் கண்டு மண்டையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான். காலம் நீள நீள, இரு முனைகளில் உள்ள பிழை அப்படியே இருக்க, நடுவே ஓடும் சரக்கு பெருகிக்கொண்டே போகிறது. பிரித்த மூட்டையைத் தராசில் தூக்கி வைத்தால் மாதக் கணக்கு கச்சிதமாகிவிடும். பில் தேதியும் மூட்டை இறங்கிய தேதியும் ஒன்றா என்பதையும் பார்க்க வேண்டும். மாதத்தின் கடைசி நாள் போட்ட பில்லுக்கு அடுத்த மாதம் இரண்டாம் தேதி ஒரு மூட்டை வந்தால், அந்த ஒரு மூட்டையே 4 சதவீதத்துக்கு மேல்.

இனி இந்த 93 கிலோவில் எதை முதலில் பிடிப்பது? எடையைப் பார்த்து முடிவெடுத்தால் ஏமாந்துபோவோம். மைதா கிலோ 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மேஜையில் தூவிக் கொட்டிய 1 கிலோவின் நஷ்டம் 40 ரூபாய், அவ்வளவுதான். அதே 1 கிலோ, பிரெட்டாகி, லைன் வண்டியில் ஊர் சுற்றித் திரும்பி வந்தால் அது மூன்றே முக்கால் பிரெட். கடைக்கு 35 ரூபாய் வீதம் போடுவதாக இருந்தால் 130 ரூபாய்க்கு மேல். சர்க்கரையும் வனஸ்பதியும் அதற்குள் போயிருக்கின்றன, விறகோ டீசலோ எரிந்திருக்கிறது, கூலியும் கவரும் வண்டிப் பெட்ரோலும் சேர்ந்திருக்கின்றன. மாவு கடைக்குள் எத்தனை தூரம் பயணம் செய்கிறதோ அத்தனைக்கு அதன் இழப்பு விலை ஏறுகிறது. மெஷினுக்குள் போகாத 25 கிலோவைக் காட்டிலும் திரும்பி வந்த 27 கிலோவின் சுமை மூன்று மடங்குக்கு மேல். பையன் மாவு தூவும்போது கத்துகிற முதலாளி, எந்தப் பெட்டிக்கடையில் செவ்வாய்க்கிழமைதோறும் பன் மிஞ்சுகிறது என்று பார்ப்பதில்லை. எனக்கு இது வேடிக்கையாகவே தோன்றுகிறது.

துண்டு எடையில் போகும் 18 கிலோவைப் பிடிப்பது எளிது என்று தோன்றும், மாஸ்டரிடம் 460-க்கு மேல் போடாதே என்றால் முடிந்தது. ஆனால் அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கை வெட்டும் துண்டு ஒவ்வொன்றும் ஒரே எடை வராது. சராசரி 467 என்றால் சில 455, சில 480. கவரில் 400 கிராம் என்று அச்சிட்டிருப்பதால், குறைந்துவிடக் கூடாதென்ற பயத்தில் கை தானாகவே மேலே சாய்கிறது. அந்தச் சிதறலைக் குறைக்காமல் சராசரியை மட்டும் 460-க்கு இறக்கினால், பாதித் துண்டுகள் 460-க்குக் கீழே விழும், அவற்றில் வெந்தபின் 400-ஐத் தொடாதவை கவருக்குள் போகும். ஆகவே முதலில் செய்ய வேண்டியது எழுதி வைத்த எடைகளில் மிகப் பெரியதும் மிகச் சிறியதும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்று பார்ப்பது. 25 கிராம் விலகல் 10 கிராமாகச் சுருங்கினால், ஒரு துண்டுகூட 455-க்குக் கீழே போகாமலே சராசரியை 460-க்குக் கொண்டுவரலாம். சுருங்காவிட்டால் அந்த 7 கிராமில் ஒரு பகுதியைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும், அதை சேதாரம் என்று எழுதாமல் செய்முறையிலேயே சேர்த்துவிடுவது நேர்மையான கணக்கு. பன்னுக்கு இந்தத் தொல்லை குறைவு, துண்டு போடும் அச்சு மெஷின் ஒன்று வாங்கிவிட்டால் ஒரே அழுத்தில் முப்பது துண்டுகள் ஏறக்குறைய ஒரே எடையில் விழும். நம் கடையில் அதனால் மிஞ்சக்கூடியது மாதம் ஏழரை கிலோ மைதா, சர்க்கரையும் வனஸ்பதியும் சேர்த்தால் 400 ரூபாயை ஒட்டி வரும். மெஷின் விலையை அந்த எண்ணால் வகுத்துப் பார்த்துவிட்டு வாங்கலாம்.